ஜாடிக்கேத்த மூடியா? ஜோடிகளின் அழகைப் பற்றி நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நெடுநாள் உளவியல் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பில் மாணவிகள் கேட்டது, கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டது, மகளுக்கு வரன் பார்க்கும் அம்மாக்கள் ஃபோனில் கேட்டது என்று பல வருஷத்துக் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

“அழகா இருக்கவங்களுக்கு அழகானவங்கதான் ஜோடியா வருவாங்கன்னு சொல்லுதாங்களே, நெசமா?”

ஓரளவுக்கு நிஜம். அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1988-ல் ஆலன் ஃபைன்கோல்ட் என்ற ஆய்வாளர், அதுவரை பலர் தனித்தனியாகச் செய்திருந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிக் கணக்குப் பார்த்தார். காதலர், நிச்சயமானவர், கல்யாணமானவர் என்று எல்லா வகை ஜோடிகளும் அதில் உண்டு. இருவரின் அழகுக்கும் இடையே உள்ள ஒட்டுறவு சராசரியாக 0.39 என்று வந்தது. இந்த அளவில் 0 என்றால் சம்பந்தமே இல்லை. 1 என்றால் அச்சுப் பிசகாத பொருத்தம்.

0.39 என்று சொன்னால் யாருக்கும் மனசில் நிற்காது. இப்படிப் பாருங்கள். ஊரில் உள்ள பெண்களை அழகு வரிசையில் நிறுத்தி, மேல்பாதியில் வரும் நூறு பேரை எடுத்துக்கொள்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு ஜோடி சேர்த்தால், அவர்களில் ஐம்பது பேருக்கு ஆண்களின் மேல்பாதியிலிருந்து கணவர் வருவார். உறவு 0.39 அளவுக்கு இருந்தால் அந்த ஐம்பது ஏறக்குறைய அறுபத்துமூன்று ஆகும். மிச்சம் முப்பத்தேழு பேருக்குக் கீழ்ப்பாதி ஆள்தான் கணவர். ஒரு போக்கு இருப்பது உண்மை. ஆனால் ‘கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்துட்டாங்களே’ என்று நாம் பந்தியில் முணுமுணுக்கிற ஜோடிகள் அபூர்வமே கிடையாது. மேல்பாதிப் பெண்களில் மூன்று பேருக்கு ஒருவருக்கு மேல் அப்படித்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் அதைப் போன்ற நாடுகளிலும் நடந்தவை. தாமிரபரணிக் கரைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

“அழகை எப்படி மேடம் அளக்கிறது? ஆளுக்கு ஆள் மாறாதா?”

மாறும். அதனால்தான் ஒருவரிடம் கேட்காமல் பலரிடம் மார்க் வாங்கிச் சராசரி எடுக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு முகத்தைப் படத்தில் பார்க்கும்போது ஜனங்களின் கருத்து நாம் நினைப்பதைவிட நிறையவே ஒத்துப்போகும். பழகிய முகமானால் கதை வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பெர்னார்ட் மர்ஸ்டைன் 1972-ல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்த ஒன்று. பழகிக்கொண்டிருந்த அல்லது நிச்சயமான 99 ஜோடிகளை எடுத்துக்கொண்டார். ஆணையும் பெண்ணையும் தனித்தனிப் படமாக வைத்து, யாருக்கு யார் ஜோடி என்று தெரியாதவர்களிடம் மார்க் போடச் சொன்னார். ஜோடிக்குள் மார்க் வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கிட்டார். அப்புறம் அதே ஆட்களைச் சீட்டு மாதிரிக் கலைத்து, பொய் ஜோடிகளாகச் சேர்த்து மறுபடியும் வித்தியாசம் பார்த்தார். நிஜ ஜோடிகளில் வித்தியாசம் குறைவாக இருந்தது. கலைத்துப் பார்க்கிற அந்த இரண்டாவது வேலை இல்லாவிட்டால் முதல் வேலைக்கு அர்த்தமே இல்லை.

என் மாணவிகள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை வைத்து இதையே செய்துபார்ப்பதுண்டு. இரண்டு இடத்தில் தவறாமல் வழுக்குவார்கள். ஜோடியாக நிற்கும் படத்தையே காட்டி மார்க் கேட்பது முதலாவது. பக்கத்தில் நிற்கிறவரின் அழகு இவர் மார்க்கையும் இழுத்துவிடும். இரண்டாவது, வயது. போன வருஷம் கல்யாணமானவர்களையும் அறுபதாம் கல்யாணம் முடிந்தவர்களையும் ஒரே கட்டில் வைத்தால், இளசுகளில் இருவருக்கும் மார்க் ஏறும், பெரியவர்களில் இருவருக்கும் இறங்கும். அழகுப் பொருத்தம் பிரமாதமாக இருப்பதுபோல் கணக்குக் காட்டும். அங்கே ஒத்துப்போனது வயது மட்டும்தான். ஒரே வயதுக்காரர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் அந்தப் பொருத்தம் எவ்வளவு கரைகிறது என்று தெரிந்துவிடும்.

“அப்போ ஒவ்வொருத்தரும் தன் தகுதிக்குத் தக்கன ஆளைத்தான் தேடுறாங்களா?”

இதுதான் எல்லாரும் போய் விழுகிற இடம். முடிவில் சமமான ஜோடிகள் இருக்கிறார்கள் என்பதால், தொடக்கத்தில் சமமானவரைத் தேடினார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆய்வாளர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள்.

எலைன் வால்ஸ்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் புது மாணவர்களுக்கு ஒரு நடன விருந்து வைத்தார்கள். கம்ப்யூட்டர் பொருத்தம் பார்த்து ஜோடி சேர்க்கும் என்று அறிவிப்பு. 376 பையன்களும் 376 பெண்களும் கலந்துகொண்டார்கள். டிக்கெட் வாங்க வந்த இடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தெரியாமல் அழகுக்கு மார்க் போட்டார்கள். உண்மையில் கம்ப்யூட்டர் எந்தப் பொருத்தமும் பார்க்கவில்லை. பெண் ஆணைவிட உயரமாக இருக்கக் கூடாது என்ற ஒன்றைத் தவிர, ஜோடிகள் குருட்டாம்போக்கில் சேர்க்கப்பட்டவை.

இடைவேளையில் ஒவ்வொருவரிடமும் ‘உங்கள் ஜோடியைப் பிடித்திருக்கிறதா, மறுபடி சந்திப்பீர்களா’ என்று கேட்டார்கள். சுமாரான பையனுக்குச் சுமாரான பெண்ணைத்தான் பிடித்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. 1966-ல் வெளியான முடிவு அதைக் கவிழ்த்துவிட்டது. தன் அழகு எப்படி இருந்தாலும், எதிரே இருப்பவர் எவ்வளவு அழகோ அவ்வளவு பிடித்தது. அறிவும் குணமும் சோதித்து வாங்கியிருந்த மார்க்குகள் அந்த ஒரு ராத்திரிக்குப் பெரிதாக எதையும் தீர்மானிக்கவில்லை.

எல்லாரும் மேலேதான் பார்க்கிறார்கள் என்றால் சமமான ஜோடிகள் எங்கிருந்து வந்தார்கள்? என் அக்கா மகன் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, கல்லிடைக்குறிச்சி வீட்டுப் பட்டாசலில் பிள்ளைகள் தூங்காமல் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை வைத்து இதைச் செய்துகாட்டினேன்.

ஒரு சீட்டுக்கட்டிலிருந்து சிவப்பில் ஒன்று முதல் ஆறு, கருப்பில் ஒன்று முதல் ஆறு எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு சீட்டு, பார்க்காமல் வாங்கி ரப்பர் பேண்டில் நெற்றியில் செருகிக்கொள்ள வேண்டும். மற்றவர் நம்பர் தெரியும், தன் நம்பர் தெரியாது. சிவப்பு ஆள் கருப்பு ஆளோடு சேர வேண்டும். கிடைப்பதில் பெரிய நம்பராகப் பிடிப்பதுதான் குறி. கை நீட்டலாம், எதிராளி பிடித்தால் ஜோடியாக உட்கார்ந்துவிடலாம், பிடிக்காவிட்டால் அடுத்தவரிடம் போகலாம். நம்பரைச் சொல்லக் கூடாது.

ஆரம்பித்ததும் சிவப்புக் கூட்டம் முழுக்கக் கருப்பு ஆறைச் சுற்றிக்கொண்டது. அவள் ஒன்பதாவது படிக்கிறவள், வெட்கத்தில் முதலில் வந்த ஐந்தின் கையைப் பிடித்துவிட்டாள். சிவப்பு ஆறுக்குக் கருப்பு ஐந்து கிடைத்தது. அப்புறம் நாலும் நாலும், மூன்றும் மூன்றும். சிவப்பு ஒன்றாக நின்ற பையன் நாலு பேரிடம் கை நீட்டி நாலு பேரும் தலையாட்டிய பிறகு, “ஏ சித்தி, எனக்கு ரொம்பச் சின்ன நம்பர்தான, சித்தி?” என்று கேட்டான். சீட்டைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டான். அவன் கடைசியில் கருப்பு இரண்டோடும், சிவப்பு இரண்டு கருப்பு ஒன்றோடும் உட்கார்ந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஆறு ஜோடிகளில் இரண்டுக்கு வித்தியாசமே இல்லை, நாலுக்கு ஒரே ஒரு நம்பர் வித்தியாசம். ஒட்டுறவு 0.89 வருகிறது. கலைத்துப் போட்டுச் சேர்த்திருந்தால் ஒரு ஜோடிக்குச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு நம்பர் வித்தியாசம் வரும். ஒருவர்கூடத் தனக்குச் சமமானவரைத் தேடவில்லை. தேடவும் முடியாது, தன் நம்பரே தெரியாதே. பெரிய நம்பர்கள் தங்களுக்குள் சேர்ந்து முதலில் உட்கார்ந்துவிட்டார்கள், மிச்சமிருந்தவர்களுக்கு மிச்சமிருந்தவர்கள்.

1986-ல் கலிக், ஹாமில்டன் என்ற இருவர் இதையே கம்ப்யூட்டரில் ஆயிரம் ஆண், ஆயிரம் பெண் என்று வைத்து ஓட்டிப்பார்த்தார்கள். குருட்டாம்போக்கில் சந்திக்க வேண்டியது, எதிராளி எவ்வளவு அழகோ அவ்வளவு சம்மதம் வரும், சந்திப்புகள் கூடக் கூடக் கறார் குறையும். அழகை மட்டும் எல்லாரும் துரத்தினாலே, நிஜ ஜோடிகளில் பார்க்கிற அளவுக்குப் பொருத்தம் தானாக வந்துவிட்டது. சமமானவரையே தேடுவார்கள் என்று விதி வைத்து ஓட்டியபோது, நிஜத்தில் இருப்பதைவிட மிக அதிகமான பொருத்தம் வந்தது.

ஆகவே ஒரு ஜோடியைப் பார்த்து, ‘அவனுக்கு இவதான் தகுதின்னு நினைச்சுக் கட்டிருக்கான்’ என்று சொல்ல நமக்கு ஆதாரம் கிடையாது. ஜோடி என்பது முடிவு. மனசு என்ன தேடியது என்பதை முடிவை மட்டும் வைத்துப் படிக்க முடியாது.

“நம்ம ஊர்ல வீட்ல பார்த்துத்தான கட்டி வைக்காங்க. இதெல்லாம் நமக்குப் பொருந்துமா?”

ஆட்டம் அதேதான், நெற்றியில் ஒட்டியிருக்கும் சீட்டுகள் அதிகம். படிப்பு, வேலை, வீடு, நகை, உயரம், நிறம், ஜாதகம் எல்லாம் தனித்தனிச் சீட்டு. கை நீட்டுவதும் தலையாட்டுவதும் குடும்பம்.

இந்தியாவில் இதை நேராக ஆராய்ந்த ஒரு வேலை உண்டு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைத்ரீஷ் கட்டக், ஜான் லாஃபோர்ட்யூன் நால்வரும் 2013-ல் வெளியிட்டது. கொல்கத்தாவில் ஒரு வங்காள நாளிதழில் வரன் விளம்பரம் கொடுத்த குடும்பங்களிடம், வந்த கடிதங்களில் எதற்குப் பதில் போட்டீர்கள், எதை ஒதுக்கினீர்கள் என்று விசாரித்தார்கள். மணப்பெண் தேடும் வீட்டாருக்குத் தன் சாதிப் பெண் என்பதற்கு இருந்த எடை, ‘மிக அழகானவள்’ என்று எழுதிய பெண்ணுக்கும் ‘சுமாரானவள்’ என்று எழுதிய பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு.

அதற்காக அழகு தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. எல்லாச் சாதியிலும் அழகானவர்கள், படித்தவர்கள், சுமாரானவர்கள் கலந்தே இருக்கிறார்கள். அதனால் முதலில் சாதி என்று வேலி கட்டிக்கொண்டு, வேலிக்குள்ளே அழகுக்கும் படிப்புக்கும் அதே சீட்டாட்டம் நடக்கிறது. நூறு வீடு உள்ள ஆட்டமானாலும் ஆயிரம் வீடு உள்ள ஆட்டமானாலும் பெரிய நம்பரும் பெரிய நம்பரும்தான் முதலில் உட்காரும். வேலியைத் தாண்டி விரும்பியதற்காக உயிரையே இழந்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் உண்டு என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் என்னால் எழுத முடியவில்லை. ‘தேர்வு’ என்று நாம் சுலபமாகச் சொல்லும் வார்த்தைக்கு இங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அந்த வேலிதான் தீர்மானிக்கிறது.

வீட்டில் பார்க்கும் கல்யாணத்தில் இன்னொன்றும் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு எழுந்து போக ஒரு மணி நேரம் ஆகுமா? அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது முகமும் நிறமும் உயரமும்தான். குணத்தைப் பார்க்க அவகாசமே இல்லாத இடத்தில் தோற்றத்தின் சத்தம் கூடிவிடுகிறது. மினசோட்டா நடன விருந்தும் இப்படி ஒரு ராத்திரிப் பழக்கம்தான்.

“அழகான பொண்ணு சுமாரான மாப்பிள்ளையைக் கட்டினா பணத்துக்காகன்னு பேசுறாங்களே?”

ரொம்பவும் அவசரப்பட்டு எடுக்கிற முடிவு அது. பெண் அழகைக் கொடுக்கிறாள், ஆண் வசதியைக் கொடுக்கிறான் என்ற பண்டமாற்றுக் கணக்கை எலிசபெத் மெக்ளின்டாக் 2014-ல் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார். அழகும் அழகும், வசதியும் வசதியும் ஒத்துப்போகிற பொதுப் போக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பண்டமாற்றுக்கு மிச்சம் நின்ற சாட்சி சொற்பம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் நல்ல பல், நல்ல தோல், நல்ல துணி என்று அழகாகவும் தெரிகிறார்கள். ஆகவே வசதி உள்ளவன் அழகானவளைக் கட்டும்போது, பெரும்பாலும் அவனும் அழகில் மேல்பாதி, அவளும் வசதியில் மேல்பாதி. நாம் ஆளுக்கு ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கதை கட்டுகிறோம். இதுவும் அமெரிக்க ஆய்வு. வரதட்சணையை வெளிப்படையாகப் பேசுகிற நம் வீடுகளில் பண்டமாற்று இல்லை என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் எதிரே கைகோத்துப் போகிற ஒரு ஜோடியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது.

வித்தியாசமான ஜோடிக்குப் பணத்தைவிட எளிமையான ஒரு காரணம் உண்டு. அடுத்த கேள்வி அதுதான்.

“பழகப் பழக அழகாத் தெரியும்னு ஆச்சி சொல்லுவாங்க. அது ஆறுதலுக்குச் சொல்றதா?”

உங்கள் ஆச்சி சொன்னது ஆய்வில் நிற்கிறது. ஒரு கூட்டத்தில் முதல் நாள் யார் அழகு என்று கேட்டால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே ஆட்களைக் காட்டுவார்கள். மாதக்கணக்கில் பழகிய பிறகு கேட்டால் ஆளுக்கு ஆள் பதில் பிரியும். பால் ஈஸ்ட்விக், லூசி ஹன்ட் இருவரும் 2014-ல் இதைக் காட்டினார்கள். ஒருவன் கேலிபேசும் விதம் ஒருத்திக்குப் பிடிக்கும், இன்னொருத்திக்குப் பிடிக்காது. அதோடு சேர்ந்து முகமும் மாறித் தெரியும். சீட்டாட்டத்தில் ஒரு நெற்றியில் ஒரே நம்பர், எல்லார் கண்ணுக்கும் அதே நம்பர். பழக்கம் வந்துவிட்டால் ஒரே நெற்றியில் ஆளுக்கு ஒரு நம்பர் தெரிகிறது. எல்லாரும் ஒரே ஆளைச் சுற்றி நிற்க வேண்டிய தேவை போய்விடுகிறது.

அடுத்த வருஷம், எலி ஃபின்கலோடு சேர்ந்து அவர்கள் 167 ஜோடிகளைப் பார்த்தார்கள். சந்தித்த கொஞ்ச நாளிலேயே காதலிக்க ஆரம்பித்தவர்களிடம் அழகுப் பொருத்தம் பலமாக இருந்தது. முதலில் நெடுநாள் தெரிந்தவர்களாக, நண்பர்களாக இருந்து பிறகு ஜோடியானவர்களிடம் அது வெகுவாகக் குறைந்திருந்தது.

தெருவில் பார்க்கிற ‘பொருந்தாத’ ஜோடியிடம், எத்தனை நாள் பழக்கத்துக்குப் பிறகு கல்யாணம் என்று கேட்டுப்பாருங்கள். ஒரே ஆபீஸ், ஒரே வளவு, ஒரே டியூஷன் என்று பதில் வர நிறையவே வாய்ப்பு உண்டு. என் சித்தப்பா வீட்டில் அப்படி ஒரு ஜோடி. அத்தை மகனைக் கட்டிக்கொண்ட அந்த அக்காவை ஊரே ‘அழகி’ என்றது. அத்தான் ஒல்லியாக, பல் எடுப்பாக இருப்பார். ஒரு தடவை பேச்சுவாக்கில் கேட்டேன். “அவுக பல்லு எடுப்புன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அஞ்சு வயசுலருந்து பாக்குறேன்லா” என்றாள். முறைமாப்பிள்ளைக் கல்யாணத்தை இப்படி யாரும் அளந்து நான் பார்த்ததில்லை, உறவுக்குள் கட்டுவதால் பிள்ளைகளுக்கு வரக்கூடிய மரபுநோய் ஆபத்து தனி விஷயம். ஆனாலும் தெரிந்த முகத்தை வேறு கண்ணால் பார்க்கிறோம் என்பதற்கு அவள் பதிலைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

“கல்யாணமாகி வருஷக்கணக்கானா புருஷன் பொண்டாட்டி முகம் ஒண்ணுபோல ஆயிருமாமே?”

ராபர்ட் ஜயான்ஸ் என்ற பெரிய உளவியலாளரே 1987-ல் அப்படிச் சொன்னார். ஒன்றாகச் சிரித்து ஒன்றாக அழுது முகத் தசைகள் ஒரே மாதிரி படிந்துவிடும் என்பது அவர் விளக்கம். அவர் பார்த்தது வெறும் பன்னிரண்டு ஜோடிகள். 2020-ல் டீ-மகோன், கோசின்ஸ்கி என்ற இருவர் 517 ஜோடிகளின் கல்யாணக் காலப் படங்களையும் பல வருஷம் கழித்து எடுத்த படங்களையும் வைத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. முகம் ஒத்திருந்தவர்கள் தொடக்கத்திலிருந்தே ஒத்திருந்தவர்கள்.

“மேட்ரிமோனி ஆப்ல என் மகன் தனக்கு எட்டாத பொண்ணுகளுக்கா லைக் போடுறான். புத்தி சொல்லணுமா?”

ஊர் உலகமே அதைத்தான் செய்கிறது, அவனைத் தனியாகக் கண்டிக்க வேண்டாம். எலிசபெத் புரூக்கும் மார்க் நியூமனும் நான்கு அமெரிக்க நகரங்களில் ஒரு டேட்டிங் தளத்தில் யார் யாருக்கு முதல் செய்தி அனுப்பினார்கள் என்று பார்த்தார்கள். ஆணும் சரி, பெண்ணும் சரி, சராசரியாகத் தன்னைவிட நான்கில் ஒரு பங்கு மேலே உள்ளவர்களுக்கே எழுதினார்கள் என்று 2018-ல் வெளியிட்டார்கள். பதில் வரும் வாய்ப்பு மேலே போகப் போகக் குறைந்தது, அடியோடு அற்றுப்போகவில்லை. இதுவும் கல்லிடைக்குறிச்சிப் பட்டாசல்தான். கை நீட்டுவது எல்லாம் மேலே, உட்காருவது பக்கத்தில். நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. போட்டோவைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற ஆப்பில் யாரும் யாருக்கும் பழக்கமாவதே இல்லை. ஒவ்வொரு முகமும் முதல் நாள் முகம்.

“அழகுல ஏத்தத்தாழ்வு இருந்தா பின்னால சண்டை வராதா?”

முன்னே சொன்ன 167 ஜோடிகளிடம் இதையும் கேட்டிருந்தார்கள். இருவர் அழகும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதற்கும், உறவில் அவர்கள் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை.

“என் மக கொஞ்சம் கருப்பு. ஏழு எடம் வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க. அவ தகுதிக்கு மேல பார்க்கிறோமோன்னு தரகர் சொல்லுதாரு. நான் என்ன செய்ய?”

இந்த அம்மா ஃபோனில் அழுதார். அவரைப் போல இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், ஏழு பேர் தலையாட்டியதை வைத்து உங்கள் மகளுக்கு ஒரு நம்பர் எழுதாதீர்கள். பட்டாசலில் அந்தப் பையன் தன் நம்பரைக் கண்டுபிடித்தது சரியாக இருந்ததற்குக் காரணம், அங்கே ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பத்துச் சீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவருக்கு நட்சத்திரம் சேரவில்லை, ஒருவருக்கு நகை போதவில்லை, ஒருவர் மகன் மனசில் வேறு பெண் இருந்தாள். திரும்பி வரும் பதிலில் காரணம் இருக்காது, ‘அப்புறம் சொல்லுதோம்’ என்று மட்டும் இருக்கும். அந்த வெற்றிடத்தில் தரகர் நிறத்தை எழுதிவிடுகிறார். அதை அந்தப் பெண்ணின் காதில் விழும்படி சொல்வதை நீங்கள் நிறுத்தச் சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல்லுங்கள்.

நிறம் ஒரு சீட்டாகப் பார்க்கப்படுவதே இல்லை என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ‘சிவந்த நிறம்’ என்று கேட்டு விளம்பரம் கொடுக்கிறார்கள். ஆனால் அது எவ்வளவு எடை பெறும் என்பது, பார்க்கிறவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் மட்டும் கொடுத்தால் நிறம்தான் பேசும். அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டுவது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

அதற்கு வழி உண்டு. அடுத்து வரும் இடத்தில் ஜாதகமும் மற்றதும் சரியாக இருந்தால், வந்த அன்றைக்கே ஆம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பக்கமும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பெண்ணும் பையனும் ஃபோனில் பேசட்டும். நெல்லையப்பர் கோயிலிலோ, யாராவது சொந்தக்காரர் வீட்டிலோ இன்னும் இரண்டு தடவை உட்கார்ந்து பேசட்டும். மகளும் அந்தப் பையனைப் பார்த்துத் தனக்குப் பிடித்திருக்கிறதா என்று சொல்லட்டும். அவளும் ஒரு சீட்டைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறாள். சில வீடுகள் இதற்கு ஒத்துக்கொள்ளாது, ‘நாள் தள்ளினா பேச்சு வரும்’ என்பார்கள். அவர்களை விட்டுவிடலாம்.

அந்த அம்மாவிடம் நான் சொன்ன வாசகம் இதுதான். தரகரிடம் அப்படியே சொல்லுங்கள்: “ஒரு மாசம் கழிச்சுத்தான் நாங்க பதில் சொல்லுவோம், அவங்களும் அப்பச் சொன்னாப் போதும். அதுக்குச் சம்மதிக்கிற வீடா இருந்தா மட்டும் கூட்டிட்டு வாங்க.”